விளம்பரத்தில் யாரை விலக்குவது?

காது கேட்கும் கருவி விற்கும் கடைக்காரர் கூகுளில் விளம்பரம் கொடுக்க முடிவு செய்தால், முதலில் அவருக்குத் தோன்றுவது இளைஞர்களை விலக்கிவிடலாம் என்பதுதான். காது மிஷின் வயதானவர்களுக்கான பொருள். இருபது, முப்பது வயதுக்காரர்கள் அந்த விளம்பரத்தைத் தட்டினால் காசு வீண். திரையில் வயது வாரியாகப் பட்டியல் இருக்கிறது, ஒவ்வொன்றையும் விலக்க வசதியும் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிட வேலையில்தான் பல சிறுவணிகர்கள் தங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியை இழக்கிறார்கள். இழந்தது அவர்களுக்குத் தெரிவதும் இல்லை. விளம்பரம் காட்டப்படாத ஆட்களைப் பற்றி எந்த அறிக்கையும் வராது. வயது, பாலினம், குடும்ப வருமானம் ஆகிய மூன்றையும் வைத்து விளம்பரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி நடக்கிறது, விலக்குவது எப்போது லாபம், எப்போது நட்டம் என்பதை இந்தக் காது மிஷின் கடையை வைத்தே பார்ப்போம்.

கூகுளுக்கு எப்படித் தெரியும்?

கூகுள் ஆட்ஸ் மக்களை வயதால் ஆறாகப் பிரிக்கிறது: 18–24, 25–34, 35–44, 45–54, 55–64, 65க்கு மேல். பாலினம் ஆண், பெண் என்று இரண்டு. குடும்ப வருமானம் சில நாடுகளில் மட்டும் உண்டு, இந்தியா அவற்றில் ஒன்று. அதில் மேல் பத்து சதவீதம், அடுத்த பத்து என்று இறங்கி, கடைசியாகக் கீழ்ப்பாதி முழுவதும் ஒரே பிரிவாக இருக்கும். இந்த மூன்று பட்டியல்களிலும் கடைசியில் இன்னொரு வரி வரும்: Unknown. யார் என்று கூகுளுக்குத் தெரியாதவர்கள் எல்லாரும் அதில் அடங்குவார்கள்.

இந்த விவரம் இரண்டு வழியில் வருகிறது. கூகுள் கணக்கில் நுழைந்திருப்பவர் என்றால், கணக்கு தொடங்கியபோது கொடுத்த பிறந்த தேதியும் பாலினமும் இருக்கும். நுழையாதவர் என்றால், அவர் எந்தெந்தத் தளங்களைப் பார்க்கிறார் என்பதை வைத்து ஊகம் செய்யப்படும். இரண்டிலும் ஓட்டை உண்டு. நம் ஊரில் எத்தனையோ பேருக்கு ஜிமெயில் கணக்கைத் தொடங்கித் தந்தது மொபைல் கடைப் பையன்தான், அவன் வாய்க்கு வந்த பிறந்த தேதியைப் போட்டிருப்பான். பல வீடுகளில் அம்மா பார்க்கும் போனில் மகனுடைய கணக்கு இருக்கும். 2019–21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் நாட்டளவில் சுமார் 54 சதவீதம்தான். மற்ற பெண்கள் இணையத்துக்கு வந்தால் பெரும்பாலும் அடுத்தவர் போனில்தான் வந்திருப்பார்கள். அறிக்கையில் ‘ஆண்’ என்று பதிவாகும் தட்டலுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் விரல் இருக்கலாம்.

வருமானம் இன்னும் தளர்வான கணிப்பு. கூகுள் யாருடைய சம்பளச் சீட்டையும் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் இந்தப் பிரிவு வந்தபோது, வரித்துறை வெளியிடும் வட்டாரச் சராசரி வருமானத்தை அடிப்படையாக வைத்தார்கள். வட்டாரச் சராசரி என்பது தனி மனிதரின் நிலையைச் சொல்லாது. வசதியான தெருவில் வாடகைக்கு இருக்கும் ஓட்டுநர் மேலே ஏறிவிடுவார், கிராமத்தில் இருபது ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர் கீழே இறங்கிவிடுவார்.

ஆக, இந்தப் பட்டியல்கள் தோராயமான வழிகாட்டிகள். அந்த அளவுக்குத்தான் அவற்றை நம்ப வேண்டும்.

ஒரு மாதக் கணக்கு

திருச்சியில் ஒரு காது மிஷின் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நானே வகுத்துக்கொண்ட எண்கள் இவை. கடைக்காரர் ‘காது மிஷின் விலை’, ‘காது கேட்கும் கருவி திருச்சி’ போன்ற தேடல்களுக்கு விளம்பரம் கொடுக்கிறார். மாதம் 60,000 ரூபாய் செலவு. ஒரு தட்டலுக்குச் சராசரி 20 ரூபாய், ஆக 3,000 தட்டல்கள். அவற்றில் 60 பேர் காது பரிசோதனைக்கு நேரம் கேட்டு அழைக்கிறார்கள். ஒரு அழைப்புக்கு 1,000 ரூபாய் செலவாகிறது. அழைத்தவர்களில் நான்கில் ஒருவர் வாங்குகிறார், ஒரு விற்பனையில் கடைக்கு 8,000 ரூபாய் மிஞ்சுகிறது. அப்படியென்றால் ஒரு அழைப்பின் மதிப்பு 2,000 ரூபாய். அதற்குள் கிடைக்கும் அழைப்பு எதுவும் லாபம்தான்.

வயது வாரியாகப் பிரித்தால் இப்படி இருக்கிறது:

| வயது | செலவு (ரூ.) | அழைப்பு | ஒரு அழைப்புக்கு (ரூ.) |
|---|---|---|---|
| 18–24 | 4,000 | 1 | 4,000 |
| 25–34 | 10,000 | 11 | 909 |
| 35–44 | 12,000 | 15 | 800 |
| 45–54 | 8,000 | 9 | 889 |
| 55–64 | 5,000 | 5 | 1,000 |
| 65க்கு மேல் | 3,000 | 2 | 1,500 |
| Unknown | 18,000 | 17 | 1,059 |

கடைக்காரர் தன் முதல் எண்ணப்படி 55 வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால், 60 அழைப்புகளில் அவருக்கு மிஞ்சியிருப்பது 7. காரணம் எளிது. மிஷினைக் காதில் மாட்டிக்கொள்பவர் அப்பா, கூகுளில் தேடுபவர் மகன் அல்லது மருமகள். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முதலில் கவலைப்படுவதும், விலை விசாரிப்பதும், நேரம் வாங்குவதும், பல வீடுகளில் பணம் கட்டுவதும் அவர்கள்தான். 25 முதல் 54 வரை உள்ளவர்கள்தான் இந்தக் கடையின் உண்மையான வாசல்.

முழங்கால் அறுவை சிகிச்சை, முதியோர் இல்லம், மகப்பேறு மருத்துவமனை, பெண்கள் விடுதி, பட்டுப்புடவை என்று எதை எடுத்தாலும் இதே கேள்வியை முதலில் கேட்க வேண்டும்: இதைப் பயன்படுத்துபவர் யார், தேடுபவர் யார், காசு கொடுப்பவர் யார்? மூவரும் ஒருவரே என்றால்தான் வயதையும் பாலினத்தையும் வைத்து விலக்குவதில் அர்த்தம் உண்டு. மகளுக்கு விடுதி தேடுவது அப்பாவாகவே இருக்கலாம். பெண்கள் விடுதி என்பதால் ஆண்களை விலக்கினால் அவரையும் விலக்கியதாகிவிடும்.

தெரியாதவர்களை விரட்டாதீர்கள்

பட்டியலின் கடைசி வரியைப் பாருங்கள். யார் என்றே தெரியாதவர்களிடமிருந்து 17 அழைப்புகள், அதாவது மொத்தத்தில் கால்வாசிக்கும் மேல். ஒரு அழைப்புக்கான செலவும் சராசரியை ஒட்டியே இருக்கிறது. இது வியப்புக்குரியதல்ல. தன் விவரத்தைக் கொடுக்காதவர், கணக்கில் நுழையாமல் தேடுபவர், புதுப்போன் வாங்கியவர் என எல்லாவகை மனிதரும் அங்கே கலந்திருக்கிறார்கள். கலவை என்பதால் அது பெரும்பாலும் சராசரியைப் போலவே நடந்துகொள்ளும்.

‘சரியான ஆட்களுக்கு மட்டும் காட்டு’ என்ற ஆசையில் பலர் முதலில் விலக்குவது இந்தப் பிரிவைத்தான். இதைச் செய்தால் எட்டும் ஆட்களின் எண்ணிக்கை குறையும் என்று கூகுளே தன் உதவிப் பக்கங்களில் எச்சரிக்கிறது. இதையே மூன்று பட்டியலிலும் செய்தால் இழப்பு பெருகும். வயதில் தெரியாதவர் 30 சதவீதம், வருமானத்தில் தெரியாதவர் 40 சதவீதம் என்று வையுங்கள். இரண்டையும் விலக்கினால் மிஞ்சுவது எழுபதில் அறுபது சதவீதம், அதாவது நூற்றுக்கு 42 பேர். வயது தெரியாதவரும் வருமானம் தெரியாதவரும் ஓரளவு ஒரே ஆட்களாக இருப்பதால் நடைமுறையில் இழப்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும் ஊரில் பாதி இருட்டாகிவிட்டது என்றுதான் பொருள்.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது?

இனி 18–24க்கு வருவோம். அங்கே ஒரு அழைப்புக்கு 4,000 ரூபாய் ஆகியிருக்கிறது, அதன் மதிப்போ 2,000. விலக்கிவிட வேண்டியதுதானே?

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். 200 தட்டல்களில் ஒரே ஒரு அழைப்பு. கடையின் பொதுச் சராசரிப்படி நான்கு வந்திருக்க வேண்டும். நான்கை எதிர்பார்க்கும் இடத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோ வருவது, வேறு காரணமே இல்லாமல் வெறும் தற்செயலாக, பதினோரு தடவையில் ஒரு தடவை நடக்கும். ஏழு பிரிவுகள் உள்ள பட்டியலில் ஒன்று அப்படித் தென்படுவது பெரிய செய்தியல்ல. இரண்டு மாதம் பொறுத்து, 600 தட்டல்களில் மூன்றே அழைப்புகள் என்று வந்தால் அப்போது நம்பலாம். பன்னிரண்டு வர வேண்டிய இடத்தில் மூன்று வருவது தற்செயலாக நடப்பது மிக அரிது.

நம்பிய பிறகும் உடனே விலக்க வேண்டியதில்லை. அவர்கள் என்ன தேடி வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மக்கள் உண்மையில் தட்டச்சு செய்த சொற்களின் பட்டியலைக் கூகுள் ஆட்ஸ் தருகிறது. அதில் ‘ஆடியாலஜி படிப்பு கட்டணம்’, ‘ஹெட்போன் விலை’, ‘ஆன்லைன் காது டெஸ்ட்’ என்று வந்திருந்தால், குற்றம் வயதில் இல்லை, தேடலில் இருக்கிறது. இந்தச் சொற்களுக்கு விளம்பரம் வராதபடி தடுத்துவிட்டால், பாட்டிக்காகத் தேடும் கல்லூரிப் பேரன் உள்ளே இருப்பான், படிப்பு தேடுபவர் போய்விடுவார். வயதால் விலக்கினால் இருவரும் சேர்ந்து போவார்கள். மோசமாகத் தெரியும் ஒரு வயதுப் பிரிவு, பல சமயம் மோசமான தேடற்சொல்லின் நிழல்தான்.

சொற்களைச் சுத்தம் செய்த பிறகும் அந்தப் பிரிவு தேறவில்லை என்றால்தான் விலக்கலா, குறைப்பா என்ற கேள்வி வருகிறது. இங்கே முடிவைத் தீர்மானிப்பது ஒரே ஒரு விஷயம்: கடையின் அன்றாட பட்ஜெட் தீர்ந்துபோகிறதா, இல்லையா?

இந்தக் கடையின் பட்ஜெட் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். அது மாலை மூன்று மணிக்கே தீர்ந்துவிடுகிறது, அதற்குப் பிறகு தேடுபவர்கள் கண்ணில் விளம்பரம் படுவதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். 18–24இல் போகும் 4,000 ரூபாயை நிறுத்தினால் அந்தப் பணம் மற்றவர்களிடம் போகும். அங்கே ஒரு அழைப்பு ஏறத்தாழ 1,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு அழைப்பை இழந்து நான்கைப் பெறுகிறோம். விலக்கியதால் விளம்பரத்தின் பலன் கூடியது.

பட்ஜெட் மிச்சமாகும் கடை என்றால் கதை வேறு. மற்ற வயதினர் தேடும்போதெல்லாம் விளம்பரம் ஏற்கெனவே காட்டப்பட்டுவிடுகிறது. ஒரு குழுவை நிறுத்தி மிச்சப்படுத்திய பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க அங்கே இடம் இல்லை. இப்போது 65க்கு மேற்பட்டோரைப் பாருங்கள். அவர்களிடம் ஒரு அழைப்புக்கு 1,500 ரூபாய். சராசரியைவிட அதிகம்தான், ஆனால் மதிப்பான 2,000க்குக் குறைவு. அவர்களை விலக்கினால் ஒரு அழைப்புக்கான சராசரிச் செலவு அறிக்கையில் அழகாக இறங்கும். கல்லாவில் மட்டும் அழைப்புக்கு 500 ரூபாய் வீதம் லாபம் குறையும். பட்ஜெட் தீர்ந்துபோகும் கடைக்கு அதே குழுவைக் குறைப்பது சரியாக இருக்கலாம்.

உங்கள் நிலை எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. Search lost IS (budget) என்று ஒரு அளவு கூகுள் ஆட்ஸில் இருக்கிறது. பட்ஜெட் போதாததால் எத்தனை சதவீதம் வாய்ப்புகள் தவறின என்பதை அது காட்டும். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சராசரியைப் பார்க்காதீர்கள், ஒரு அழைப்பின் மதிப்பைத் தாண்டிச் செலவு வைக்கும் பிரிவை மட்டும் கவனியுங்கள். அது உயர்ந்து இருந்தால், பலவீனமான பிரிவிலிருந்து பணத்தை நகர்த்துவதில் பலன் உண்டு.

விலக்குவதற்கு முன் குறைத்துப் பார்ப்பது

விலக்கல் என்பது கதவைச் சாத்துவது. அதற்கு முன் ஒரு படி இருக்கிறது, ஏலத்தொகையைக் குறைப்பது. கூகுளில் ஒவ்வொரு தேடலுக்கும் விளம்பரங்களுக்கு இடையே ஏலம் நடக்கிறது. ஒரு தட்டலுக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவேன் என்று விளம்பரதாரர் தானே குறிப்பிடும் முறையில், ஒவ்வொரு பிரிவுக்கும் அந்தத் தொகையை 90 சதவீதம் வரை குறைக்கலாம், 900 சதவீதம் வரை கூட்டலாம்.

கடையின் ஏலத்தொகை 25 ரூபாய் என்போம். 18–24 பிரிவு சராசரியில் கால்பங்கே பலன் தருவதால் கணக்குப்படி 75 சதவீதம் குறைக்க வேண்டும். ஆனால் கையில் இருப்பது ஒரு மாதத் தரவு. அதனால் 40 சதவீதம் குறைத்து 15 ரூபாய் வைப்பது நிதானமான முடிவு. விளம்பரம் குறைவாக வரும், கீழே வரும், ஆனாலும் வரும். அடுத்த மாதங்களில் அந்தப் பிரிவு என்ன ஆகிறது என்று பார்க்கவும் முடியும். முழுக்க விலக்கிவிட்டால் நம் கணிப்பு தவறு என்று சொல்ல எந்தத் தரவும் வராது.

இதில் இரண்டு இடங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, கூட்டல்கள் ஒன்றோடொன்று பெருகும். 35–44க்கு 20 சதவீதம், மேல் வருமானத்தாருக்கு 30 சதவீதம் கூட்டினால், இரண்டிலும் அடங்கும் ஒருவருக்கு 25 ரூபாய் முதலில் 30 ஆகி, பிறகு 39 ஆகிவிடும். இடத்துக்கும் நேரத்துக்கும் வேறு கூட்டியிருந்தால் தொகை எங்கேயோ போய் நிற்கும்.

இரண்டாவது, தானியங்கி ஏல முறை. ‘ஒரு அழைப்புக்கு இவ்வளவுதான் ஆகவேண்டும்’ என்று இலக்கு மட்டும் சொல்லி, மற்றதைக் கூகுளிடம் விட்டுவிடும் Target CPA போன்ற முறைகளில், வயதுக்கும் பாலினத்துக்கும் வருமானத்துக்கும் நீங்கள் போட்ட கூட்டல் கழித்தல் எதுவும் எடுபடாது. கூகுள் தானே கணக்கிட்டுக்கொள்ளும். விலக்கல் மட்டும் அப்போதும் செல்லும். அதனால்தான் ஆபத்து கூடுகிறது. அந்தக் கணிப்பு முறை பலவீனமான பிரிவில் கூட வாங்கக்கூடிய ஆளைத் தேடி எடுக்கப் பார்க்கும். நாம் பிரிவையே விலக்கினால் அந்த வாய்ப்பு அதற்கு இல்லாமல் போகும்.

வருமானத்துக்கு எளிய மாற்று

காது மிஷின் விலை உயர்ந்தது, ஆகவே வருமானத்தில் கீழ்ப்பாதியை விலக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கீழ்ப்பாதி என்பது நாட்டுக் குடும்பங்களில் சரிபாதி. அதுவும் இடத்தைச் சார்ந்த கணிப்பு என்றால், சுற்றுவட்டாரக் கிராமங்களே ஒட்டுமொத்தமாகப் போய்விடக்கூடும். அப்பாவுக்குக் காது கேட்க வேண்டும் என்பதற்காகத் தவணையில் வாங்கும் குடும்பமும் அங்கேதான் இருக்கிறது.

விலை கொடுக்க முடியாதவர்கள் வீணாகத் தட்டுகிறார்கள் என்பது உண்மையான கவலையானால், விளம்பரத்தின் தலைப்பிலேயே ‘ரூ.18,000 முதல்’ என்று எழுதுவது மேல். விலையைப் பார்த்துவிட்டுத் தட்டுபவர் தன் பையைத் தானே பார்த்துக்கொண்டுதான் வருகிறார். எந்தக் கணினியின் ஊகத்தையும்விட அவருடைய கணக்கு சரியானது.

வருமானப் பிரிவு கைகொடுக்கும் இடம் வேறு. தேடலில் ஒருவர் தன் தேவையைத் தானே எழுதிக் காட்டுகிறார், அதற்கு மேல் வயதும் வருமானமும் சொல்வது கொஞ்சம்தான். யூடியூபில் சமையல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இடையில் விளம்பரம் போடும்போது அவர் எதையும் கேட்கவில்லை. அங்கே யாரும் தட்டாமலே காசு போகலாம், ஆளைப் பற்றி நமக்கு இருக்கும் துப்பும் குறைவு. கோடி ரூபாய் வில்லாவுக்கான காணொளி விளம்பரத்தில் கீழ்ப்பாதியை விலக்குவது நியாயமான கணக்கு. அங்கேயும் தெரியாதவர்களை விட்டுவைத்து, ஒரு மாதம் பார்த்த பிறகு முடிவு செய்வது நல்லது.

விலக்கப்படுபவர் பக்கம்

இதுவரை பேசியது விளம்பரதாரரின் நட்டம். விலக்கப்படுபவருக்கும் நட்டம் உண்டு, விளம்பரம் வேலை பற்றியதாகவோ வீடு, கடன் பற்றியதாகவோ இருந்தால் அது பெரிய நட்டம். ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு வேலை இருப்பதே தெரியாமல் போகலாம். அமெரிக்காவில் இதை எதிர்த்து வழக்குகள் நடந்தன. 2019ல் ஃபேஸ்புக், இந்த மூன்று வகை விளம்பரங்களிலும் வயது, பாலினம், அஞ்சல் குறியீடு கொண்டு ஆட்களைப் பொறுக்குவதை நிறுத்த ஒப்புக்கொண்டது. 2020 அக்டோபரில் கூகுளும் அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே தடையைக் கொண்டுவந்தது.

வேண்டுமென்றே விலக்காவிட்டாலும் சாய்வு வரலாம். அன்யா லாம்ப்ரெக்ட், கேத்தரின் டக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், அறிவியல் தொழில்நுட்ப வேலைகள் பற்றிய ஒரு விளம்பரத்தை 191 நாடுகளில் ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக ஓடவிட்டார்கள். அது பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம் காட்டப்பட்டது. பெண்கள் அந்த விளம்பரத்தில் அக்கறை காட்டாததால் அல்ல. பெண்களின் கவனத்துக்குப் பல விளம்பரதாரர்கள் போட்டி போடுவதால் அவர்களுக்குக் காட்ட விலை அதிகம். சிக்கனம் பார்த்த கணினி மலிவான பக்கம் சாய்ந்துவிட்டது. நியாயமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒரு நிறுவனம், ‘நான் யாரையும் விலக்கவில்லை’ என்பதோடு நிற்கக் கூடாது. யாருக்குக் காட்டப்பட்டது என்ற அறிக்கையையும் பார்க்க வேண்டும்.

நம் கடைக்காரர் இந்த மாதம் செய்ய வேண்டியவை இவ்வளவுதான். தேவையற்ற தேடற்சொற்களைத் தடுக்க வேண்டும். தெரியாதவர்களையும் 25 முதல் 54 வரை உள்ளவர்களையும் தொடக்கூடாது. 18–24க்கு ஏலத்தொகையைக் கொஞ்சம் குறைக்கலாம். வருமானத்தைத் தொடாமல் தலைப்பில் விலையை எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து அழைப்புகளை மீண்டும் எண்ண வேண்டும். அப்போதும் ஒரு பிரிவு தன் மதிப்புக்கு மேல் செலவு வைத்தால் அதை விலக்கலாம். அந்த விலக்கலைச் செய்யச் சொல்வது அவருடைய கடையின் கணக்காக இருக்கும். ‘இது வயதானவர்களுக்கான பொருள்’ என்ற எண்ணம் மட்டும் அதற்குப் போதாது.